19 நாள் குழந்தையின் முகத்தில் வெள்ளைப் புள்ளி, சிவப்புப் பரு: எது சாதாரணம், எது கிருமி?

யீஷூன் அம்மா | 4 மார்ச் 2025, இரவு 9.40

மகன் பிப்ரவரி 13 பிறந்தான். பிறந்த அன்றே மூக்கு நுனியிலும் முகவாயிலும் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அத்தை அதைப் பால் முத்து என்கிறார். பால் தேங்கி நிற்கிறதாம், நகத்தால் மெல்ல எடுத்துவிடலாமாம். நான் விடவில்லை. நாலு நாளாக வேறு ஒன்று வந்திருக்கிறது. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்பாகச் சின்னச் சின்னப் பரு, சிலவற்றின் தலையில் வெள்ளையாக இருக்கிறது. இதற்கு அத்தை காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவுகிறார், அம்மா தொலைபேசியில் தாய்ப்பால் தடவு என்கிறார். பையன் நன்றாகத்தான் குடிக்கிறான். நாளைக்கே பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டுமா, காத்திருக்கலாமா?

தேக்கா தாத்தா | 4 மார்ச், இரவு 10.05

வேர்க்குருதான் அம்மா. நம் ஊர் வெயிலில் பிள்ளையைத் துணியில் சுற்றிச் சுற்றி வைத்தால் வராமல் என்ன செய்யும். என் மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் வந்தது. கையுறை, தொப்பி எல்லாம் கழற்றுங்கள், மின்விசிறியை ஓட விடுங்கள். பவுடர் கொட்டாதீர்கள், மூச்சில் போகும். இன்னொன்று, நீங்கள் சூடான பண்டம் சாப்பிட்டாலும் பாலில் இறங்கும். மாம்பழம், நண்டு, கோழி எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்துங்கள்.

பழைய தாதி | 4 மார்ச், இரவு 10.50

பிறந்த குழந்தைகள் பிரிவில் 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். படம் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் சில கேள்விகள் கேட்டால் பாதி தெரிந்துவிடும்.

பரு தனித்தனியாக இருக்கிறதா, ஒரே இடத்தில் கொத்தாக இருக்கிறதா? தலையில் தெரிவது கெட்டியான வெள்ளையா, உள்ளே தண்ணீர் தெரிகிறதா? கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, தொப்புளைச் சுற்றி ஏதாவது உண்டா? நாளைக்குக் குளிப்பாட்டும்போது மடிப்பை விரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உடம்பு சூடு எவ்வளவு?

வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அது பால் இல்லை. தோல் உதிர்க்கும் செதில் வெளியே வர வழியில்லாமல் சின்னப் பையில் அடைபட்டு நிற்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும். சில வாரங்களில் தானே திறந்து உதிர்ந்துவிடும். நகத்தால் எடுத்தால் உள்ளே இருப்பது வருகிறதோ இல்லையோ, நகத்தில் உள்ள கிருமி உள்ளே போகும். நீங்கள் விடாதது சரி.

தாத்தா சொன்ன பவுடரும் துணியும் சரி. மாம்பழம், நண்டு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளை பெற்றவள் நன்றாகச் சாப்பிடட்டும்.

யீஷூன் அம்மா | 5 மார்ச், காலை 7.15

தனித்தனியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் இல்லை. அக்குளில் 36.8. அக்குள், தொடை எல்லாம் சுத்தமாக இருக்கிறது. கழுத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, விரித்தாலே அலறுகிறான். குளிப்பாட்டும் ஆயாவிடம் சொல்கிறேன்.

பூன் லே அக்கா | 5 மார்ச், காலை 8.02

என் பெண்ணுக்கும் இதே பிரச்சினை, நெற்றி முழுக்க. பதினாலு வயது. கார்டியனில் வாங்கிய ஜெல் ஒன்று நன்றாக வேலை செய்தது, வேண்டுமானால் பெயர் சொல்கிறேன். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்.

பழைய தாதி | 5 மார்ச், காலை 8.20

அக்கா, இது மூன்று வாரம்கூட ஆகாத குழந்தை. பெரிய பிள்ளைகளின் பருவுக்கு விற்கும் எதையும் இந்தத் தோலில் வைக்கக் கூடாது. தோல் மெல்லியது, பூசுவது உடம்புக்குள் இறங்கும். நல்லெண்ணத்தில் சொன்னீர்கள் என்று தெரியும், யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பழைய தாதி | 5 மார்ச், பகல் 2.30

இப்போது உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கன்னத்தில் இருப்பது வேர்க்குரு இல்லை என்றே நினைக்கிறேன். வேர்க்குரு வியர்வை தேங்கும் இடத்தில் வரும்: நெற்றி ஓரம், கழுத்து, முதுகு. காற்றாட வைத்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். இது பிறந்து இரண்டு, மூன்று வாரத்தில் கன்னத்தில் தொடங்கி நெற்றி, முகவாய் என்று பரவும் குழந்தைப் பரு. தோலில் எல்லாருக்கும் உள்ள மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது பலருடைய கருத்து. அந்த வயதில் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யும், ஈஸ்ட்டுக்கு அந்த எண்ணெய்தான் சாப்பாடு. அதனால்தான் எண்ணெய் வேண்டாம் என்கிறேன். அத்தை காலையும் மாலையும் அதற்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறார். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதைக் குறை சொல்லவில்லை, முகத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு முறை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் முகம் கழுவி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். சோப்பு வேண்டாம். மஞ்சள், கடலை மாவு எதுவும் வேண்டாம். தாய்ப்பால் தடவினால் கெடுதல் நடந்து நான் பார்த்ததில்லை, நல்லது நடந்தும் பார்த்ததில்லை. ஆனால் காயாமல் கழுத்துக்கு வழிந்தால் அங்கே ஈரம் தங்கும்.

பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தழும்பில்லாமல் போய்விடும். அழுதால், சூடானால் இன்னும் சிவப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். தலையில் சீழ் மாதிரி தெரிவதும் இதில் சகஜம், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

செங்காங் அப்பா | 6 மார்ச், இரவு 11.10

நானும் என் கதையைச் சொல்கிறேன். எங்கள் பாப்பாவுக்குப் பிறந்த இரண்டாம் நாள் நெஞ்சிலும் முகத்திலும் சிவப்புத் திட்டுகள், நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி. கொசு கடித்த மாதிரி இருக்கும். காலையில் நெஞ்சில் இருந்தது மாலையில் தொடையில் இருந்தது. மருத்துவக் குறிப்பில் எரிதீமா டாக்ஸிகம் என்று எழுதியிருந்தார்கள். டாக்ஸிக் என்ற சொல்லைப் பார்த்து நானும் மனைவியும் இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் ஒரு தாதி வந்து, பெயர்தான் அப்படி, நஞ்சும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். ஐந்தாம் நாள் எதுவும் இல்லை. உங்களுக்கும் அதுவாக இருக்குமோ?

பழைய தாதி | 7 மார்ச், காலை 6.50

தம்பி, அது வரும் நாளே வேறு. பிறந்து முதல் சில நாட்களில் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் வராது. இந்தப் பிள்ளைக்கு 15ஆம் நாள் தொடங்கியது, ஒரே இடத்தில் நிற்கிறது. என்றைக்கு வந்தது என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். பிறக்கும்போதே இருந்ததா, முதல் வாரமா, மூன்றாம் வாரமா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

யீஷூன் அம்மா | 7 மார்ச், மாலை 4.25

எண்ணெய் நிறுத்தியாகிவிட்டது, வீட்டில் கொஞ்சம் மனஸ்தாபம். இன்று பெரியம்மா ஒருவர் ஜோகூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு இது அக்கி என்றார். டாக்டரிடம் போனால் உள்ளே போய்விடும், காவி குழைத்துப் பூசினால்தான் இறங்குமாம். எழுதத் தெரிந்தவர் அவர் ஊரில் இருக்கிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கி என்றால் என்ன?

தேக்கா தாத்தா | 7 மார்ச், மாலை 5.00

அக்கி என்றால் கொப்புளம் கொத்தாக வரும், எரியும், பெரியவர்களுக்கு இடுப்பில் வளைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் குயவர் காவியால் எழுதுவார். எனக்கே சின்ன வயதில் எழுதியிருக்கிறார்கள், பத்து நாளில் காய்ந்தது. கன்னத்துப் பரு அக்கி இல்லை, பெரியம்மாவுக்குக் கண் சரியில்லை.

பழைய தாதி | 7 மார்ச், இரவு 9.15

தாத்தா சொன்னதில் எனக்கு உடன்பாடு. கன்னத்தில் தனித்தனியாக நிற்பது அக்கி இல்லை. ஆனால் அந்தச் சொல் வந்ததால் இதை எழுதாமல் விட முடியாது.

நம் ஊரில் அக்கி என்று சொல்வது பெரும்பாலும் ஹெர்ப்பீஸ் குடும்பத்துக் கிருமிதான். பெரியவர்களுக்கு அது காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் காய்ந்துவிடும், அதனால்தான் காவிக்குப் பெயர். பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை. உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் உள்ள ஒருவர் முத்தம் கொடுத்தாலே தொற்றும், பிரசவத்தின்போதும் தாயிடமிருந்து தொற்றலாம். பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் வெளிப்படும். சிவந்த அடித்தோலின்மேல், உள்ளே தண்ணீர் தெரியும் சின்னக் கொப்புளங்கள் நெருக்கமாகக் கொத்தாக இருக்கும். உச்சந்தலை, கண் ஓரம், வாய் ஓரம் பாருங்கள். உடைந்தால் புண்ணாகும், பொருக்கு கட்டும். கொப்புளமே வராமல் மூளைக்கும் ஈரலுக்கும் போவதும் உண்டு, அப்போது பால் குடிக்காமல் துவண்டு கிடப்பதுதான் முதல் அறிகுறி. ஒரே ஒரு கொத்துக் கொப்புளம் இருந்து பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசைக்ளோவிர் நரம்பு வழியாகப் போட வேண்டும், வாரக்கணக்கில். காவிக்காக ஒரு நாள் தள்ளினாலும் அந்த ஒரு நாள் திரும்ப வராது.

அப்புறம், 5ஆம் தேதி நான் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். சீழ் மாதிரி தெரிவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம் என்றேன். மிக அகலமாகச் சொல்லிவிட்டேன். கன்னத்துப் பருவின் தலையில் கடுகளவு வெள்ளை என்றால் சரி. அதே சீழ் கழுத்து மடிப்பிலோ அக்குளிலோ டயப்பர் கட்டும் இடத்திலோ இருந்தால் அது வேறு சங்கதி. கழுத்தை யாராவது பார்த்தீர்களா?

உட்லண்ட்ஸ் மருமகள் | 8 மார்ச், காலை 10.30

எனக்கு உதட்டில் அந்தக் கொப்புளம் வருடத்துக்கு இரண்டு முறை வரும். இப்போதும் இருக்கிறது, என் குழந்தைக்கு ஆறு வாரம். மேலே படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. பால் கொடுக்கலாமா?

பழைய தாதி | 8 மார்ச், காலை 11.05

கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இல்லை என்றால் பாலில் பயமில்லை. முகக்கவசம் போடுங்கள், பொருக்கு உதிரும் வரை முத்தம் வேண்டாம், உதட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொட வேண்டாம். உங்களுக்குப் பல வருடமாக இருப்பதால் உங்களிடமிருந்து எதிர்ப்புச் சக்தியும் குழந்தைக்குப் போயிருக்கும். ஆனால் அதை நம்பி முத்தம் கொடுக்காதீர்கள். இதற்குள் கொடுத்துவிட்டேன் என்றால் குழந்தையின் தோலையும் பால் குடிப்பதையும் கவனமாகப் பாருங்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சொல்லுங்கள். ஏதாவது மாறினால் காத்திருக்க வேண்டாம்.

யீஷூன் அம்மா | 9 மார்ச், மாலை 6.40

கழுத்தைப் பார்த்தோம். கணவர் தோளுக்கடியில் துணி மடித்து வைத்துத் தலையைச் சாய்த்தார், நான் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். இடது பக்க மடிப்புக்குள் ஆறு கொப்புளம், பச்சைப்பயறு அளவு, உள்ளே மஞ்சளாகச் சீழ். இரண்டு உடைந்து ஈரமாக இருக்கிறது, உடைந்த இடத்தைச் சுற்றித் தோல் வளையமாக உரிந்து நிற்கிறது. பால் வாடை மாதிரி ஒரு வாடை. கன்னத்தில் பழையபடிதான் இருக்கிறது. அக்குளில் 37.3. இன்று காலையிலிருந்து கொஞ்சம் குறைவாகக் குடிக்கிறான், ஆனால் எழுப்பினால் எழுந்து குடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, பலதுறை மருந்தகம் மூடியிருக்கும். நாளைக் காலை போகலாமா?

பழைய தாதி | 9 மார்ச், மாலை 6.48

இன்றே போங்கள், இப்போதே. நாளை வேண்டாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். பிள்ளைக்கு 24 நாள்தான், ஒரு மாதம் ஆகவில்லை. அந்த வயதில் இப்படிச் சீழ் இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே பார்க்க வேண்டும். 38க்கு மேல் போனாலோ, உடம்பு சில்லிட்டுப் போனாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ 995ஐ அழையுங்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். எதையும் பூசாதீர்கள், டெட்டால் கலந்த தண்ணீர் உட்பட. அவர்கள் சீழை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும், பூசினால் சோதனை கெடும். கையைக் கழுவுங்கள், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும்.

செங்காங் அப்பா | 9 மார்ச், இரவு 8.10

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். நாங்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

யீஷூன் அம்மா | 11 மார்ச், மதியம் 1.20

வார்டிலிருந்து எழுதுகிறேன். முதலில் பார்த்த டாக்டர் கழுத்தைப் பார்த்தவுடன் ஸ்டாஃபிலோகாக்கஸாக இருக்கும் என்றார். பஞ்சுக்குச்சியால் சீழை எடுத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள். தண்ணீர்க் கொத்து எங்கும் இல்லை என்று உச்சந்தலையிலிருந்து கால்வரை பார்த்துச் சொன்னார்கள். வீட்டில் யாருக்காவது உதட்டில் புண் உண்டா, கட்டி உண்டா என்று கேட்டார்கள். அப்போதுதான் அத்தை தன் கட்டைவிரல் நகக்கண்ணில் ஒரு வாரமாக நகச்சுற்று இருப்பதைச் சொன்னார். ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாகப் போகிறது. காய்ச்சல் வரவில்லை. அவன் நேற்று இரவிலிருந்து பழையபடி குடிக்கிறான்.

நான் டாக்டரிடம் கன்னத்தைக் காட்டினேன். இது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிட்டார். ஒரே பிள்ளையின் முகத்தில் சும்மா விட வேண்டியதும், அதற்கு இரண்டு அங்குலம் கீழே உடனே பார்க்க வேண்டியதும் இருந்திருக்கிறது. நான் தினமும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேக்கா தாத்தா | 11 மார்ச், மதியம் 2.00

பெருமாள் காப்பாற்றினார். நகச்சுற்றோடு பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள் பாருங்கள். அத்தையைத் திட்டாதீர்கள் அம்மா, பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

பழைய தாதி | 11 மார்ச், மாலை 3.35

விரலிலிருந்துதான் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தக் கிருமி நம்மில் பலருடைய மூக்கிலேயே குடியிருக்கிறது. ஆனாலும் நகச்சுற்று ஆறும் வரை அத்தை குளிப்பாட்ட வேண்டாம், அந்த விரலையும் காட்டிவிடட்டும்.

கழுத்து மடிப்பில் ஏன் வருகிறது என்றால், பால் வழிந்து ஈரம் நிற்கிறது, தோலோடு தோல் உரசுகிறது, காற்று போகாது. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் மடிப்பை விரித்து ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பவுடர் அங்கேயும் வேண்டாம், பாலோடு சேர்ந்து பசையாகிவிடும்.

இன்னொன்று, இணையப் படங்களில் கிருமி என்றால் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். அவை பெரும்பாலும் வெள்ளைத் தோல் குழந்தைகள். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கருத்தோ ஊதாவாகவோதான் தெரியும். கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடாக இருக்கிறதா, வீங்கி இறுக்கமாக இருக்கிறதா, தொட்டால் அழுகிறானா.

தாதி மாணவி, தெம்பனிஸ் | 12 மார்ச், இரவு 9.50

அக்கா, ஒரு சந்தேகம். காய்ச்சல் இல்லை, ஒரே இடத்தில் ஆறு கொப்புளம்தான். களிம்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் அல்லவா? அப்படிச் செய்தால் போதும் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

பழைய தாதி | 13 மார்ச், காலை 7.05

நல்ல கேள்வி, இதில் டாக்டர்களே ஒரே மாதிரி செய்வதில்லை. நலமாக உள்ள, காய்ச்சல் இல்லாத குழந்தைக்குச் சிலர் களிம்பும் மறுநாள் பரிசோதனையும் போதும் என்பார்கள். சிலர் ஒரு மாதத்துக்குக் கீழே என்றாலே சேர்த்துவிடுவார்கள். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் பிள்ளைகள் நன்றாகப் போயிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை அன்று குறைவாகக் குடித்தான், 24 நாள். நான் அங்கே இருந்திருந்தால் சேர்க்கத்தான் சொல்லியிருப்பேன்.

யீஷூன் அம்மா | 14 மார்ச், மாலை 5.30

வீட்டுக்கு வந்துவிட்டோம். சீழில் ஸ்டாஃப் ஆரியஸ் என்று வந்திருக்கிறது, சாதாரண மருந்துக்கே கட்டுப்படும் வகையாம். இரத்தத்தில் எதுவும் வளரவில்லை. மீதி நாளுக்குச் சிரப் கொடுத்திருக்கிறார்கள். கொப்புளங்கள் காய்ந்து தோல் உரிகிறது. அத்தை விரலுக்கும் மருந்து வாங்கியாயிற்று. அவர்தான் இப்போது எல்லாரையும் கை கழுவச் சொல்கிறார்.

உட்லண்ட்ஸ் மருமகள் | 22 மார்ச், காலை 9.00

எனக்குக் காய்ந்துவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறாள். இன்னொரு சின்னக் கேள்வி. அவள் ஈறில் அரிசி மாதிரி வெள்ளையாக இரண்டு இருக்கிறது. மாமியார் பல் என்கிறார்.

பழைய தாதி | 22 மார்ச், காலை 9.40

துணியால் துடைத்துப் பாருங்கள். போகவில்லை, கெட்டியாக முத்து போல் இருக்கிறது என்றால் மூக்கில் வரும் அதே வெள்ளைப் புள்ளிதான், வாய்க்குள் வந்திருக்கிறது. அண்ணத்தின் நடுவிலும் வரும். தானே போகும். தயிர் மாதிரி படலமாக இருந்து, துடைத்தால் கீழே சிவந்தால் அது பூஞ்சை, டாக்டர் சொட்டு மருந்து தருவார்.

யீஷூன் அம்மா | 20 ஏப்ரல், இரவு 10.15

இன்றோடு 66 நாள். மூக்கில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் எப்போது போயின என்றே தெரியவில்லை, ஒரு நாள் பார்த்தேன், இல்லை. கன்னம் நாலு வாரத்துக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகி, பிறகு இரண்டு வாரமாக இறங்கிக்கொண்டே வருகிறது. இப்போது நெற்றியில் ஏழெட்டு மட்டும். எதுவும் பூசவில்லை. கழுத்து சுத்தம், வடு இல்லை. மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் காட்ட வேண்டுமா?

பழைய தாதி | 21 ஏப்ரல், காலை 6.30

காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, நடுவில் கறுப்பு முனை உள்ள பரு, தோலுக்கடியில் கட்டி மாதிரி ஏதாவது புதிதாக வந்தாலோ அது இந்தப் பரு இல்லை. அந்த வகை தழும்பு வைக்கலாம், தோல் டாக்டர் பார்க்க வேண்டும். ஏழெட்டுதான் என்றால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது நெற்றியைக் காட்டிவிடுங்கள், தனியாகப் போக வேண்டாம். கழுத்தைத் தினமும் பார்க்கிறீர்கள்தானே?

யீஷூன் அம்மா | 21 ஏப்ரல், காலை 6.44

ஒவ்வொரு பாலுக்குப் பிறகும். இப்போது தலையைச் சாய்த்தால் அவன் அழுவதில்லை, சிரிக்கிறான்.